பட்ஜெட்டில் ஒவ்வொரு வரிக்கும் நியாயம் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி வைக்க நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதுகிறேன். பட்ஜெட்டில் ஒவ்வொரு செலவுக்கும் காரணம் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதினால் ஒத்துக்கொள்வார்கள்?

கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இதே வேலைக்கு இரண்டு முறை ப்ரொபோசல் எழுதினேன். முதல் முறை “போக்குவரத்து: ரூ.9,300” என்று ஒரே வரியாகப் போட்டேன். நிதி கொடுப்பவர்கள் அதை 4,000 ஆக்கிவிட்டார்கள். பொருள் வந்து சாலையோரம் கிடந்தது, கீழே இறக்கக் கூலிக்குப் பணமில்லை. கடைசியில் பெற்றோர்கள்தான் சுமந்தார்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு கட்டடத்துக்கு எழுதியபோது அதே தொகையைப் பிரித்து எழுதினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து லாரி ஒரு நடை 4,500. எங்கள் பள்ளி சாலைக்குக் கீழே, 70 படி இறங்க வேண்டும், வண்டி போகாது. தொட்டிகளை வைக்கும் மேடை போடத் தேவையான சிமெண்ட், மணல், ஜல்லி சேர்ந்து சுமார் 2,800 கிலோ. ஒரு சுமை 25 கிலோ என்றால் 112 நடை. ஒரு ஆள் நாளைக்கு 28 நடை இறங்கி ஏறுவார், ஆக 4 ஆள்கூலி, ஆளுக்கு 800 வீதம் 3,200. தொட்டிகளை இறக்க இரண்டு ஆள், 1,600. மொத்தம் அதே 9,300. படிக்கட்டின் போட்டோ ஒன்றும் இணைத்தேன். ஒரு ரூபாய்கூட வெட்டவில்லை. சமவெளியில் உட்கார்ந்து படிப்பவருக்கு மலைப்பாதை தெரியாது, அவருக்கு அதைக் கணக்காகத்தான் காட்ட முடியும்.

அப்புறம் தொட்டி. 5,000 லிட்டர் தொட்டி ஒன்று 33,000, 1,000 லிட்டர் தொட்டி ஐந்து 37,500 என்று கொட்டேஷன் வந்தது. எதற்கு விலை கூடியதை வாங்குகிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் முன்பே அந்த வரிக்குப் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். நான் எழுதியது இது: “பள்ளிக்கு இறங்கும் பாதையின் அகலம் 4 அடி. பெரிய தொட்டியின் விட்டம் சுமார் 6 அடி, அது இறங்காது. சிறிய தொட்டியை இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஒன்றைக் கழுவும்போது மற்ற நான்கிலும் தண்ணீர் இருக்கும்.”

5,000 லிட்டர் எதற்கு என்பதற்கும் கணக்கு கொடுங்கள். 100 பிள்ளைகள், கை கழுவவும் கழிப்பறைக்கும் ஆளுக்கு 5 லிட்டர், நாளுக்கு 500. மழை இடைவெளி விட்டாலும் 10 நாள் தாங்கும். கூரை 80 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்தால் 800 லிட்டர் விழும், சிந்துவது போக 640 வரை தொட்டிக்கு வரும். அப்படி 8 மழையில் நிரம்பிவிடும். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் நன்றாகப் பெய்யும் என்பதால் வேலையை செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொன்னேன். நிதியை எப்போது விடுவிக்க வேண்டும் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

மேடையைத்தான் பலரும் “சிவில் வேலை” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நிரம்பிய ஐந்து தொட்டியில் தண்ணீர் மட்டுமே 5 டன். எங்கள் மண் சரிவில் இருக்கிறது, சமமில்லாத தரையில் வைத்தால் தொட்டி ஒருபக்கம் சாயும், தொட்டியின் அடியில் உள்ள குழாய் இணைப்பு விரிசல் விடும். அதனால் 6 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் கான்கிரீட். இந்த மூன்று அளவையும் எழுதினால் எத்தனை மூட்டை சிமெண்ட் என்பதை அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

மழைநீர்க் குழாய்க்கு நீளமும் அடி விலையும் போதும். முதல் மழைத் தண்ணீரை ஒதுக்கும் டிரம்முக்கு மட்டும் ஒரு வரி சேர்த்தேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் இலையும் தூசியும் கூரையில் படிந்திருக்கும், முதல் 1 மி.மீ. மழையில் அடித்து வரும் 80 லிட்டரை வெளியே விட 100 லிட்டர் டிரம்.

“இதர செலவு” என்று மட்டும் எழுதாதீர்கள், வெட்டு முதலில் அங்கேதான் விழும். எதிர்பாராச் செலவுக்கு எத்தனை சதவீதம் அனுமதிக்கிறார்கள் என்று அவர்கள் விதிமுறையில் பாருங்கள். எதற்காக என்பதையும் சொல்லுங்கள். நான் “மேடைக்குத் தோண்டும்போது பாறை வந்தால் உடைக்கும் கூலி” என்று எழுதினேன். பெற்றோர்கள் தரும் உழைப்பையும் விட்டுவிடாதீர்கள். எத்தனை பேர், எத்தனை நாள், உள்ளூர்க் கூலி எவ்வளவு என்று மதிப்புப் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் பங்கு என்று தனிப் பத்தியில் காட்டுங்கள். உங்கள் பள்ளிக்கு வண்டி எதுவரை வரும் என்று சொன்னால் போக்குவரத்து வரியை நானே எழுதித் தருகிறேன்.