ஸ்லிப்பில் வெறும் "10%"

"கெமிக்கல் ஆலை, காப்புத் தொகை ரூ.1,200 கோடி. அதில் 40%-ஐ ஃபேகல்டேடிவ் முறையில், அதாவது இந்த ஒரு ரிஸ்க்குக்கென்று தனியாக, ரீஇன்சூரர்களிடம் வைக்கிறோம். ஒரு ரீஇன்சூரர் ஸ்லிப்பில் '10%' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். கவர் நோட் அனுப்பலாமா?"

இன்னும் அனுப்பாதீர்கள். அந்த 10% எதன்மேல்? முழு ரிஸ்க்கில் என்றால் அவர் பங்கு ரூ.120 கோடி. நீங்கள் வைக்கும் 40%-இல் என்றால் ரூ.48 கோடிதான். ரூ.120 கோடி என்று நீங்கள் நம்பியிருக்க, அவர் நினைத்தது ரூ.48 கோடி என்றால், ஆலை முழுதும் எரியும்போது மீதி ரூ.72 கோடி உங்கள் தலையில் விழும். பிரீமியம் கணக்கிலேயே இது தெரிந்துவிடும், ஆனால் அதை யாரும் உடனே பார்ப்பதில்லை.

முழு ரிஸ்க்கில்தான் என்று அவர் சொன்னால், "100%-இல் 10%, ரூ.120 கோடி" என்று ஸ்லிப்பில் எழுதி, முத்திரை, தேதியோடு திரும்ப வாங்குங்கள். கவர் நோட்டில் அதே வரியை அப்படியே எழுதுங்கள். "சர்வே ரிப்போர்ட் பார்த்த பிறகே கவர்" என்று அவர் ஓரத்தில் குறித்திருந்தால், அது தீரும்வரை அந்தப் பங்கைச் சேர்க்க வேண்டாம்.