பாட வீடியோவுக்குக் கணினிக் குரலா, சொந்தக் குரலா?

கேள்வி: பள்ளிக் கணக்குப் பாடங்களை வீடியோவாகப் போடலாம் என்றிருக்கிறேன். என் குரல் எனக்கே பிடிக்காது. ஸ்கிரிப்ட்டை டைப் செய்து கணினிக் குரலில் பேச வைத்தால் போதுமா, நானே பேச வேண்டுமா?

கணக்கு என்றால் நீங்களே பேசுங்கள். குரலின் இனிமை இதில் கடைசிக் கவலை. கை எழுதுவதும் காதில் விழுவதும் ஒன்றாகப் போகிறதா என்பதுதான் முதல் கவலை.

x² − 5x + 6 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். “பெருக்கினால் 6, கூட்டினால் −5. எந்த ரெண்டு எண்?” என்று கேட்டுவிட்டு மூன்று வினாடி சும்மா இருக்க வேண்டும், மாணவர் யோசிப்பது அந்த மூன்று வினாடியில்தான். பிறகு −2, −3 என்று எழுதும்போது பேச்சு தானாகவே கையின் வேகத்துக்கு இறங்கும். கணினிக் குரலுக்குக் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது, அது பாட்டுக்கு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக வெட்டி, இடைவெளி விட்டு, படத்தோடு பொருத்த வேண்டும். ஆறு நிமிடப் பாடத்தில் ஐம்பது அறுபது வாக்கியம் வரும். மிச்சமாகும் என்று நினைத்த நேரமெல்லாம் எடிட்டிங்கில் போய்விடும்.

அதைவிட ஆபத்தானது தப்பாக வாசிப்பது. (x − 2)(x − 3) = 0 என்று கொடுத்தால், சில குரல்கள் கழித்தல் குறியை வெறும் கோடாக எடுத்துக்கொண்டு “எக்ஸ் ரெண்டு, எக்ஸ் மூணு” என்று போய்விடும். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் உங்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் விடுபட்டதைக் கண் நிரப்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, காதில் விழுந்ததை மட்டும் தாளில் எழுதிப் பாருங்கள். ‘செ.மீ.’ என்பதன் புள்ளியில் வாக்கியமே முடிந்ததுபோல் நிறுத்துவது, ‘கிராஃப்’, ‘பீட்டா’ போன்ற சொற்களின் முதல் எழுத்தை வல்லினமாக அழுத்துவது எல்லாம் அப்போது பிடிபடும்.

ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதும் எஸ்எஸ்எம்எல் என்ற குறிகளை ஏற்கும் கணினிக் குரல் சேவை என்றால், எப்படி வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடலாம்:

```
<speak>
<sub alias="எக்ஸ் மைனஸ் ரெண்டு">x − 2</sub>
<break time="3s"/>
</speak>
```

ஏற்காத சேவையில் ஸ்கிரிப்ட்டிலேயே “எக்ஸ் மைனஸ் ரெண்டு” என்று விரித்து எழுத வேண்டியதுதான். அந்த ஸ்கிரிப்ட்டை அப்படியே சப்டைட்டிலாகப் போட்டுவிடாதீர்கள். அதற்குச் சமன்பாடு உள்ள பிரதி தனியாக வேண்டும்.

கணினிக் குரல் ஜெயிக்கும் இடமும் உண்டு. ஒரு மென்பொருளில் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டும் பாடம் நல்ல உதாரணம். வாக்கியங்கள் சின்னவை, யோசிக்க இடைவெளி தேவையில்லை, மெனு மாறும்போதெல்லாம் நடுவில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருக்கும். சொந்தக் குரலில் ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரியை மட்டும் பேசிச் சேர்த்தால் ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரியும். மைக் தூரம், அறை, தொண்டை எதுவும் அன்றுபோல் இருக்காது. கணினிக் குரலில் அந்த வரியைத் திருத்தி மறுபடி எடுத்தால் போதும், அதே குரலை அந்தச் சேவை மாற்றாமல் வைத்திருக்கும் வரை. அதனால் ஆடியோவை ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஃபைலாக வையுங்கள், குரலின் பெயரையும் வேக அளவையும் ஸ்கிரிப்ட்டின் தலையில் குறித்துவையுங்கள்.

உங்கள் குரல் உங்களுக்குப் பிடிக்காததற்குக் காரணம் சாதாரணமானது. பேசும்போது மண்டை எலும்பு வழியாகவும் அது உங்கள் காதுக்கு வருகிறது, பதிவில் அந்தப் பங்கு இல்லை. மற்றவர்கள் எப்போதுமே பதிவில் உள்ளதைப் போன்ற குரலைத்தான் கேட்கிறார்கள்.

பதிவுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள், திரைச்சீலை, மெத்தை, துணிகள் உள்ள அறையில் எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் ‘ப’ சொல்லும்போது காற்று மோதாது. உரக்கப் பேசும் இடத்திலும் பதிவு மென்பொருளின் மீட்டரில் ஒலி அளவு −6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். 0-ஐத் தொட்டு ஒலி உடைந்துவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம். நாக்கு குழறினால் பதிவை நிறுத்தாமல் ஒரு தட்டு கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். எடிட் செய்யும்போது அலைவடிவத்தில் கைதட்டல் ஊசிபோல் நிற்கும், அதற்கு முந்தைய வாக்கியத்தை வெட்டிவிடலாம்.

இன்னும் சந்தேகமாக இருந்தால், பாடத்திலேயே கஷ்டமான ஒரு நிமிடத்தை மட்டும் இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். “வணக்கம் மாணவர்களே” பகுதியை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அதை எந்தக் குரலும் நன்றாகத்தான் சொல்லும்.