பதவிப் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்

"நானும் அவரும் பார்ப்பது ஒரே அக்கவுண்ட்ஸ் வேலை. எனக்கு 62,000, அவருக்கு 78,000. கேட்டால் 'அவர் சீனியர் எக்ஸிக்யூட்டிவ்' என்கிறார்கள். நான் பெண் என்பதால்தானா? அந்தேரியில் வேலை."

சகோதரி, பதவிப் பெயர் மட்டும் பதிலாகாது. உங்கள் மும்பையிலேயே மெக்கின்னன் மெக்கென்சி நிறுவனத்தின் பெண் ஸ்டெனோகிராபர் ஒருவர் இதே கேள்வியோடு போராடி, 1987ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றில் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் உண்டா என்பதுதான் அளவுகோல். ஆகவே ஒரு மாதம் இருவரும் செய்வதைக் குறித்து வையுங்கள். அவர் மட்டும் பேமென்டுக்கு ஒப்புதல் தருகிறாரா, யாரையாவது மேற்பார்க்கிறாரா? அப்படியானால் உங்கள் வாதம் பலவீனமாகும்.

அடுத்து 16,000 இடைவெளியைப் பிரியுங்கள். அவருக்கு 2 வருட அனுபவம் கூடுதல், உங்கள் கம்பெனியில் வருடத்துக்குச் சுமார் 3,000 ஏறும் என்றால் 6,000க்குக் காரணம் கிடைத்துவிட்டது. மீதி 10,000க்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் முக்கியமான சோதனை: உங்கள் அளவு அனுபவமுள்ள இன்னொரு ஆணின் சம்பளம். அவருக்கும் 63,000தான் என்றால், பாலினம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வேறு அநியாயமாக இருக்கலாம், ஆனால் சம ஊதிய விதி அதற்கு உதவாது. அவருக்கு 72,000, உங்களைப் போன்ற பெண்களுக்கெல்லாம் 62,000 என்றால், எழுத்தில் காரணம் கேளுங்கள், மின்னஞ்சலில். பதில் திருப்தியில்லை என்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். 1976 சம ஊதியச் சட்டத்தில் இருந்த, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்ற விதி இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சமப்படுத்துகிறோம் என்று அந்த ஆணின் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது.