ஒரே 220, இரண்டு தீர்ப்பு

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 52. ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நானும் என் அக்காவும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். இருவருக்கும் மொத்த கொலஸ்ட்ரால் 220. அக்காவுக்கு நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 78, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 90. எனக்கு எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 150. அக்காவிடம் "இப்போதைக்கு மருந்து வேண்டாம்" என்ற மருத்துவர், எனக்கு மட்டும் மாத்திரை எழுதினார். ஏன் இந்த வித்தியாசம்? நல்ல கொலஸ்ட்ராலைக் கூட்டிக்கொண்டால் போதாதா?

பதில்: கொலஸ்ட்ராலில் இரண்டு வகை கிடையாது, சகோதரி. உங்கள் ரத்தத்திலும் அக்காவின் ரத்தத்திலும் இருப்பது ஒரே மெழுகுப் பொருள்தான். ஒவ்வொரு செல்லின் உறைக்கும் அது வேண்டும். பித்தநீர், வைட்டமின் டி, பாலின ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. நமக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆனால் அது தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் புரதம் போர்த்திய நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைபட்டுத்தான் அது பயணம் செய்கிறது. நல்லது, கெட்டது என்று நாங்கள் பிரிப்பது இந்த உருண்டைகளைத்தான். எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உடலெங்கும் கொண்டுபோகிறது. எச்.டி.எல். மிச்சமானதைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

எல்.டி.எல். ஏன் கெட்ட பெயர் எடுத்தது? குழாயில் அழுக்கு அடைப்பதுபோல ரத்தநாளத்தின் உட்புறத்தில் கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. எல்.டி.எல். உருண்டை தமனியின் சுவருக்கு உள்ளேயே நுழைந்துவிடுகிறது. அதன் மேலுள்ள அப்போ-பி என்ற புரதம் சுவரின் நார்ப்பொருள்களில் சிக்கிக்கொள்கிறது. வெளியேற முடியாமல் தங்கும் உருண்டை ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெடுகிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளை அணுக்கள் அளவு தெரியாமல் விழுங்கி, கொழுப்பு நிறைந்த நுரை செல்களாகி அங்கேயே மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படிச் சேர்வதே படிவு. ஒருநாள் அதன் மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. இதயத் தமனியில் அது நடந்தால் மாரடைப்பு. இத்தனை காலமும் வலியோ வேறு அறிகுறியோ இருக்காது என்பதுதான் என்னை வருத்துகிறது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கின்றன. அக்காவுக்கு 220-இல் 78-உம் 18-உம் போனால் 124. உங்களுக்கு 38-உம் 30-உம் போனால் 152. மொத்தம் ஒன்றாக இருந்தாலும் தமனிச் சுவரில் நுழையக்கூடிய சரக்கு உங்களிடம் அதிகம். (டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. அப்போது நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.) இதோடு சர்க்கரை நோயும் சேர்வதால் தமனிகளுக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது. எண்ணை மட்டும் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவெடுத்திருக்க மாட்டார்.

எச்.டி.எல்.லைக் கூட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. எச்.டி.எல். அதிகமுள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டியது உண்மை. அதனால் அதை உயர்த்தவே டார்செட்ராபிப் என்ற மருந்தை உருவாக்கினார்கள். எச்.டி.எல். வெகுவாக உயரவும் செய்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே மரணம் கூடியதால் 2006-இல் பரிசோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்துக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் கெடுதலும் இருந்தது. ஆயினும் பின்னர் வேறு வழிகளில் எச்.டி.எல்.லை உயர்த்திப் பார்த்தபோதும் எதிர்பார்த்த பாதுகாப்பு கிடைக்கவில்லை. எச்.டி.எல். குறைவு என்பது ஆபத்தைக் காட்டும் அடையாளம். அந்த எண்ணை மட்டும் ஏற்றிவிடுவதால் ஆபத்து இறங்குவதில்லை. அக்காவின் 78-உம் அவருடைய 124-ஐ அழித்துவிடாது, அவரும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ளட்டும்.

எல்.டி.எல்.லைக் குறைத்தாலோ மாரடைப்பு குறைகிறது. இது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டது. உங்களுக்கு எழுதியது ஸ்டாடின் வகை மாத்திரையாகத்தான் இருக்கும். அது கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. தனக்குப் பற்றாக்குறை என்று உணரும் கல்லீரல், ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளை அதிகமாக்குகிறது. நடுத்தர அளவு மருந்திலேயே எல்.டி.எல். 30 சதவீதத்துக்கு மேல் குறைவது வழக்கம். உங்கள் 152 ஏறக்குறைய 100-க்கு வரலாம். உங்களுக்கான இலக்கு அதைவிடவும் குறைவாக இருக்கலாம், அதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி பரிசோதியுங்கள். அந்த அறிக்கையில் முதலில் எல்.டி.எல்.லைப் பாருங்கள். எச்.டி.எல். 38-லேயே நின்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். காரணமில்லாமல் தசைகளில் கடும் வலி வந்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.