டெல்டா கூட்டுத்தொகை மாறவில்லை, ஆபத்து மட்டும் ஏன் மாறியது?

*கேள்வி: கொக்குவிலில் இருந்தபடி, ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் அமெரிக்க ஒப்ஷன் கணக்குக்கு நான்தான் ஷீட் பார்க்கிறேன். 100 டொலர் பங்கில், 100 ஸ்ட்ரைக் கோல் 10 கொன்ட்ராக்ட் இந்த வெள்ளிக்கு விற்றிருக்கிறோம். அதே ஸ்ட்ரைக் 10 அடுத்த மாதத்துக்கு வாங்கியிருக்கிறோம். திங்கள் டெல்டாவைக் கூட்டினால் +10 பங்கு, வெள்ளி கடைசி மணித்தியாலத்தில் கூட்டினால் +15. சமநிலை என்று நினைத்தோம். பங்கு ஒரு டொலர் ஏறியதும் இறங்கியதும் கணக்கு கையை விட்டுப் போனது. கூட்டலில் எங்கே பிழை?*

கூட்டலில் பிழை இல்லை. டெல்டா என்பது பங்கு ஒரு டொலர் நகர்ந்தால் ஒப்ஷனின் விலை எவ்வளவு நகரும் என்ற அளவு. வாங்கிய கோலின் டெல்டா 0.52, விற்றதன் டெல்டா 0.51. வித்தியாசம் 0.01; அதை 10 கொன்ட்ராக்டாலும், கொன்ட்ராக்டுக்கு 100 பங்காலும் பெருக்கினால் +10. ஆனால் அந்த +10 என்பது பங்கு சரியாக 100 டொலரில் நிற்கும்வரைதான் உண்மை. விலை நகர்ந்தால் அது எத்தனை பங்காக மாறும் என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. எக்ஸ்பைரி நெருங்கும்போது உங்களுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது எண்தான்.

உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். இரண்டு மாதங்களுக்கும் வொலட்டிலிட்டி 30 சதவீதம், வாங்கியது விற்றதைவிட நாலு கிழமை பிந்தி முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் பங்கு 101 ஆனால் விற்ற கோல் 0.60, வாங்கியது 0.56, மொத்தம் −40 பங்கு. 99 ஆனால் +60 அளவில். இதைத் தாங்கலாம். வெள்ளி கடைசி மணித்தியாலத்தில் அதே 101 வந்தால் விற்ற கோல் 0.91 ஆகிவிடும்; வாங்கியது அதே 0.56-இல் நிற்கும். மொத்தம் −350. 99 ஆனால் விற்றது 0.09, வாங்கியது 0.47, மொத்தம் +380. இரண்டு டொலர் இடைவெளிக்குள் கணக்கு 730 பங்கு புரள்கிறது. நடுவில், 100 டொலரில் நின்று பார்த்தால், திங்களும் வெள்ளியும் ஏறக்குறைய ஒரே எண்.

காரணம் காமா, அதாவது விலை ஒரு டொலர் நகர்ந்தால் டெல்டா எவ்வளவு மாறும் என்ற அளவு. ஸ்ட்ரைக்குக்கு அருகில் நிற்கும் ஒப்ஷனுக்கு நாள் குறையக் குறைய அது கூடும். அடுத்த மாத ஒப்ஷனுக்கு அப்படி ஏறாது. எனவே வெவ்வேறு எக்ஸ்பைரிகளின் டெல்டாவை ஒரே நிரலில் கூட்டி, கீழே உள்ள எண்ணை மட்டும் பார்க்கக்கூடாது. எக்ஸ்பைரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் போடுங்கள். வரிசைகளில் விலையை 98, 99, 100, 101, 102 என்று எழுதி, அந்தந்த விலையில் டெல்டாவைத் திரும்பக் கணக்கிட்டு, பிறகு குறுக்கே கூட்டுங்கள். அடுத்தடுத்த இரு வரிசைகளின் வித்தியாசம்தான் ஒரு டொலருக்கு நீங்கள் சுமக்கும் மாற்றம். கடைசிக் கிழமையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்தக் கூட்டல் ஒரே பங்குக்குள் மட்டும் செல்லும். 20 டொலர் பங்கில் +50 டெல்டா என்றால் 1,000 டொலர், 400 டொலர் பங்கில் +50 என்றால் 20,000 டொலர். இரண்டையும் சேர்க்கும் முன் விலையால் பெருக்கி டொலருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, யாழ்ப்பாணத்தில் இருந்து ஷீட் பார்ப்பவர்களுக்கே வரும் ஒரு சிக்கல். அமெரிக்கக் கோடை நேரம் நடக்கும்போது அங்குள்ள சந்தை எங்களுக்கு மாலை 7 மணிக்குத் திறந்து இரவு 1.30க்கு மூடும். வெள்ளிக்கிழமை வியாபாரத்தின் கடைசி மணித்தியாலம் எங்கள் நாட்காட்டியில் சனிக்கிழமை. எக்ஸ்பைரி திகதியிலிருந்து `TODAY()`-ஐக் கழிக்கும் ஷீட்டில் வெள்ளி மாலை மிச்ச நாள் 0 என்று வந்து `#DIV/0!` காட்டும். நள்ளிரவு தாண்டினால் −1, அப்போது `#NUM!`. பலர் எரிச்சலில் `MAX(1, ...)` என்று போட்டுப் பிழையை மறைத்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். ஷீட் முழு நாள் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நம்பி, வருடத்தை 252 நாளாக எடுத்தால், 101-இல் 0.91க்குப் பதிலாக 0.70 காட்டும். 10 கொன்ட்ராக்டில் 200 பங்குக்கு மேல் உங்கள் கண்ணில் படாமலே போகும். நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, மிச்சமுள்ள சந்தை நிமிடங்களை எண்ணுங்கள். ஒரு நாளுக்கு 390 நிமிடம், வருடத்துக்கு 252 நாள்.

```
T = minutes_left/(252*390)
=NORM.S.DIST((LN(S/K)+V^2*T/2)/(V*SQRT(T)),TRUE)
```

இது கோலுக்கான டெல்டா; புட்டுக்கு இதிலிருந்து 1-ஐக் கழிக்கவும். வட்டியையும் டிவிடெண்டையும் இதில் சேர்க்கவில்லை. இந்தக் குறுகிய காலத்துக்கு வட்டி பெரிதாகப் பாதிக்காது. இடையில் டிவிடெண்ட் நாள் வந்தால் பாதிக்கும்.

சரி, வெள்ளி அந்த நேரத்தில் என்ன செய்திருக்கலாம்? பலர் பங்கை வாங்கி விற்றுச் சமப்படுத்தப் பார்ப்பார்கள். 101-இல் 350 பங்கு வாங்குகிறீர்கள். பங்கு 100க்குத் திரும்புகிறது, விற்கிறீர்கள். 350 டொலர் போய்விட்டது. அந்த நேரம் விற்ற கோலில் நீங்கள் காத்திருந்து பெறக்கூடியது எவ்வளவு தெரியுமா? ஒரு மணித்தியாலம் இருக்க, 100 டொலரில் அதன் விலை 30 சதம் அளவில்; பத்துக்கும் சேர்த்து 300 டொலர். ஒரே ஒரு ஏற்ற இறக்கம் மிச்சப் பிறீமியம் முழுவதையும் தின்றுவிடுகிறது. அதனால் பங்கு ஸ்ட்ரைக்கோடு ஒட்டி நிற்கும் வெள்ளியில் விற்றதைத் திரும்ப வாங்கி முடிப்பதையே நான் சொல்வேன். ஆனால் வாங்கிய கணமே மொத்த டெல்டா +520 ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த மாதக் கோலை என்ன செய்வது என்று, திரும்ப வாங்க முதலே அண்ணாவோடு பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஓர்டரில் மூடலாம், அல்லது விற்றதை அடுத்த கிழமைக்கு மாற்றலாம்.

விட்டுவைத்தால் மணி 1.30-ஓடு விஷயம் முடியாது. அமெரிக்கப் பங்கு ஒப்ஷனில் பங்கு ஸ்ட்ரைக்குக்கு ஒரு சதமாவது மேலே முடிந்தால் கோல் பொதுவாகத் தானாகவே நிறைவேற்றப்படும்; விற்றவர் பங்கைக் கொடுக்க வேண்டும். அப்படி முடியாததையும் வாங்கியவர் விரும்பினால் நியூயோர்க் நேரம் மாலை 5.30 வரை நிறைவேற்றச் சொல்லலாம்; எங்களுக்கு அது அதிகாலை 3 மணி. புரோக்கர்கள் இதைவிட முந்திய நேரத்தையும் வைத்திருப்பார்கள். ஒருமுறை நான் விற்ற 3 கோல் ஸ்ட்ரைக்குக்கு 4 சதம் கீழே முடிந்தது. காலாவதியாகிவிட்டது என்று படுத்துவிட்டேன். சந்தை மூடிய பிறகு ஒரு செய்தி வந்து பங்கு ஏறியிருக்கிறது. சனி காலை கணக்கைத் திறந்தால் −300 பங்கு, திங்கள் மாலைவரை தொட முடியாமல் நிற்கிறது.

உங்கள் கணக்கில் 101-இல் முடிந்து பத்தும் நிறைவேற்றப்பட்டிருந்தால் −1,000 பங்கு, வாங்கிய கோலின் +560 போக −440. எனவே ஷீட்டில் வெள்ளி நிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் வையுங்கள்: விற்றது முழுக்க நிறைவேற்றப்பட்டால் மொத்தம் எவ்வளவு, ஒன்றும் நிறைவேற்றப்படாவிட்டால் எவ்வளவு. அந்த இரண்டு எண்களையும் வெள்ளி மாலை 7 மணிக்கு, சந்தை திறக்கும்போதே அண்ணாவுக்கு அனுப்பிவிடுங்கள்.