311 எலிப் புகார்களுக்கு ஹீட்மேப்: ஆரம் எவ்வளவு?

"நியூயார்க் நகரப் புகார் எண்ணான 311-க்கு வந்த எலிப் புகார்கள் சுமார் 20,000 வைத்திருக்கிறேன். QGIS-இல் ஹீட்மேப் போட்டால் ஆரத்தை மாற்றும்போதெல்லாம் வேறு படம் வருகிறது. எதை நம்புவது?"

முதலில் லேயரின் ஆயத்தொலை முறையைப் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையிலேயே விட்டிருந்தால் ஆரம் டிகிரியில் போகும், நியூயார்க்கில் ஒரு டிகிரி வடக்கு தெற்காக 111 கி.மீ., கிழக்கு மேற்காக 84 கி.மீ. மட்டும்தான், அதனால் நீங்கள் வட்டம் என்று நினைப்பது தரையில் நீள்வட்டம். EPSG:32618-க்கு மாற்றுங்கள், மீட்டரில் வரும். 311 தரவிலேயே இருக்கும் X, Y பத்திகள் அடிக்கணக்கு, அதை மீட்டர் என்று எடுத்துவிட வேண்டாம்.

அடுத்தது, ஒரே முகவரியிலிருந்து பல முறை வந்த புகார்கள். அவை எல்லாம் ஒரே புள்ளியில் அடுக்கி நிற்கும், ஒரு கட்டடத்தில் ஒருவர் முப்பது முறை போன் செய்தாலும் அங்கே ஒரு சிகரம் எழும். நான் ஒரே முகவரிக்கு ஒரு மாதத்தில் ஒரு புகார் என்று சுருக்கிவிட்டுத்தான் தொடங்குவேன்.

சரி, ஆரம். ஆர்க்ஜிஐஎஸ் தானாகவே எடுக்கும் ஆரம் சில்வர்மேன் விதியை ஒட்டியது:

```
h = 0.9 * min(SD, sqrt(1/ln 2) * Dm) * n^(-0.2)
```

n என்பது புள்ளிகளின் எண்ணிக்கை, SD என்பது புள்ளிகளின் திட்டத் தொலைவு, Dm என்பது நடுமையத்திலிருந்து அவை இருக்கும் தூரங்களின் இடைநிலை. இரண்டு அளவில் சிறியது 8,000 மீ. என்று வைத்துக்கொள்வோம், n 20,000 என்றால் h கிட்டத்தட்ட 990 மீ. வரும். புள்ளிகள் ஒரே மேடாகக் குவிந்திருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த விதி அது. நகரமோ பல மேடுகள், நடுவில் ஆறும் ஓடுகிறது. அதனால் எல்லாம் குழைந்து மக்கள்தொகைப் படம் மாதிரி ஆகிவிடும். தரவைச் சேர்த்தாலும் பெரிதாக உதவாது, ஆரம் பாதியாக 32 மடங்கு புள்ளிகள் வேண்டும்.

எனவே எலியிலிருந்து தொடங்குங்கள். நகரத்து எலிகளில் பெரும்பாலானவை தங்கள் பிளாக்கைத் தாண்டுவதில்லை, மன்ஹாட்டன் பிளாக் குறுக்கே 80 மீ., நீளத்தில் 250 மீ. அளவுக்கு இருக்கும். ஆக ஒரு பிளாக்கையும் அதன் அண்டை பிளாக்குகளையும் தொடும் 300 முதல் 400 மீ. பொருத்தம். தூரம் கூடக்கூட ஒரு புள்ளியின் எடை எப்படிக் குறைகிறது என்பதைச் சொல்வது கெர்னல், QGIS-இன் வழக்கமான குவார்டிக் கெர்னலில் பாதித் தூரத்திலேயே எடை 56 சதவீதத்துக்கும், முக்கால் தூரத்தில் 19 சதவீதத்துக்கும் இறங்கிவிடும், அதாவது 400 என்று போட்டாலும் படம் முழு 400-ஐக் காட்டாது. இதே எண்ணை வேறு மென்பொருளின் காஸியன் கெர்னலில் போட்டால் பரப்பு இன்னும் பரந்து போகும், அங்கே 140 மீ. போட்டால்தான் ஏறக்குறைய ஒத்துவரும்.

அப்புறம் ஒரு சோதனை. புகார்களைக் குலுக்கி இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டுக்கும் 200, 400, 800-இல் தனித்தனிப் பரப்பு போடுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் சிகரங்கள் எழும் மிகச் சிறிய ஆரத்தை எடுங்கள். 200-இல் ஒரு பாதியில் தெரியும் சிகரம் மறுபாதியில் காணாமல் போனால், அது அங்கே இருக்கும் எலியைக் காட்டவில்லை, புள்ளிகள் தற்செயலாக விழுந்ததைத்தான் காட்டுகிறது.