பச்சை முக்கோணம் என்றால் பயமில்லையா?

"வெண்டைக்கு அடிக்க ரெண்டு மருந்து வாங்கினேன். ஒண்ணுல நீல முக்கோணம், இன்னொண்ணுல பச்சை. பச்சைன்னா சிக்னல் மாதிரிதானே, கையுறை இல்லாம அடிக்கலாமா?"

வேண்டாங்க. சிக்னலில் பச்சை என்றால் போகலாம். மருந்து டப்பாவில் அது நான்கு படி நஞ்சில் கடைசிப் படி, அவ்வளவுதான். சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சாலையில் நீல வட்டம் 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்ற கட்டளை. இங்கே அதே நீலம் மூன்றாம் படி.

இந்தப் படியைப் பிரிப்பது, சோதனை எலிகளில் பாதி சாக எவ்வளவு மருந்து வேண்டும் என்ற அளவு. வாய்வழியாக, எலியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோல்வழி நஞ்சுக்குத் தனி அளவு உண்டு.

ஆனால் இது உடனே கொல்லும் திறனை மட்டும்தான் சொல்கிறது. கண் எரிச்சல், தினமும் அடிப்பவருக்கு நாளடைவில் வரும் கோளாறு, தேனீக்குக் கெடுதல், அடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதெல்லாம் நிறத்தில் இல்லை. வெண்டை அடிக்கடி பறிப்பதால் அந்த நாள் கணக்கை லேபிளில் தேடிப் படியுங்கள்.

நிறம் வெளுத்திருந்தால் அதற்கு மேலே ஒட்டியிருக்கும் இன்னொரு முக்கோணத்தைப் பாருங்கள். மண்டையோடும் விஷம் என்ற சொல்லும் இருந்தால் சிவப்பு. மண்டையோடு இல்லாமல் விஷம் என்ற சொல் மட்டும் இருந்தால் மஞ்சள். நீலத்தில் அபாயம் என்றும், பச்சையில் எச்சரிக்கை என்றும் இருக்கும். அப்புறம், இரண்டுக்குமே கையுறை போடுங்கள்.